குறைவாக விற்ற தோசைக்கல்லும் நன்றாக விற்ற இடியாப்ப உரலும்: எந்தத் தலைப்பை மாற்றுவது என்று முடிவு செய்த ஒரு நிகழ்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்தில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை நடத்தி வருகிறது. பால்மரம் இருந்த காலத்தில் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் சம்பள நாளில் வந்து வாங்கிப் போன கடை அது. தோட்டத்து மக்கள் பெரும்பாலும் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், இன்றைய விற்பனையில் பாதிக்கு மேல் ஓர் இணையச் சந்தைத் தளத்தின் வழியாக நடக்கிறது. கடையை இப்போது நடத்துபவரை நான் அக்கா என்றே அழைப்பேன். வாரத்தில் இரண்டு மாலை அங்கே சென்று இணைய ஆர்டர்களையும் விளம்பரக் கணக்கையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

2025 ஆகஸ்டு நடுவில் கடைக்கு அந்தத் தளத்தில் 58 லிஸ்டிங்குகள், அதாவது தனித்தனித் தலைப்போடு கூடிய பொருள் பக்கங்கள், இருந்தன. விளம்பரத்துக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது, ஆனால் ஆர்டர் அதற்கு ஏற்ப வரவில்லை. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. பலகாரம் செய்யும் சாமான்கள் அதற்கு முந்தைய ஆறேழு வாரங்களில்தான் அதிகம் விற்கும் என்பதால், செய்ய வேண்டிய மாற்றத்தை ஆகஸ்டு மாதத்திலேயே செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது.

“தம்பி, எல்லாத் தலைப்பையும் ஒரே நாள்ல மாத்திடுவோம். எது சரியில்லன்னு தேடிக்கிட்டு இருக்க நேரம் இல்ல,” என்றார் அக்கா. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், பிறகு விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று சொல்ல வழியில்லாமல் போகும். அதைவிடப் பெரிய அச்சம், ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு தலைப்பைக் கெடுத்துவிடுவோமோ என்பது.

முதலில் பார்த்ததும் தவறாகப் புரிந்துகொண்டதும்

தளம் இரண்டு அறிக்கைகள் தருகிறது. முதலாவது மாற்று விகித அறிக்கை. ஒவ்வொரு லிஸ்டிங்கும் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், அவற்றில் எத்தனை கிளிக் ஆர்டராக மாறியது என்பதை அது ஒரு வரியில் சொல்லும். இரண்டாவது தேடுசொல் அறிக்கை. வாங்க வந்தவர் தேடல் பெட்டியில் உண்மையில் என்ன தட்டினார், அந்தச் சொல்லால் எந்த லிஸ்டிங் காட்டப்பட்டது, கிளிக்கும் ஆர்டரும் எத்தனை என்பதை அது காட்டும். விளம்பரத்துக்காக நாம் விலை வைக்கும் கீவேர்டும் வாங்க வருபவர் தட்டும் தேடுசொல்லும் ஒன்றல்ல. நாம் `murukku maker` என்று வைத்திருந்தாலும், தளம் தானாகப் பொருத்தி `acuan maruku` என்று மலாயில் தட்டியவருக்கும் நம் பொருளைக் காட்டும்.

ஜூலை 1 முதல் ஆகஸ்டு 11 வரையிலான ஆறு வாரக் கணக்கை எடுத்தோம். அறிக்கையைப் பதிவிறக்கியது ஆகஸ்டு 18 அன்று. இடைப்பட்ட ஒரு வாரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். கிளிக் செய்தவர் ஏழு நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனை அந்தக் கிளிக்கின் கணக்கில் சேரும் என்று எங்கள் கணக்கில் அமைந்திருந்ததால், கடைசி வாரத்துக் கிளிக்குகளுக்கு ஆர்டர் இன்னும் வந்து முடிந்திருக்காது. அந்த வாரத்தையும் சேர்த்திருந்தால் எல்லா விகிதமும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்திருக்கும்.

முதலில் மாற்று விகித அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடையின் சராசரி ஏறக்குறைய 100 கிளிக்குக்கு 4 ஆர்டர். அதற்கு வெகுவாகக் கீழே இரண்டு லிஸ்டிங்குகள் இருந்தன. இரும்புத் தோசைக்கல் 306 கிளிக்குக்கு 3 ஆர்டர். அச்சு முறுக்குக்கான பித்தளைப் பூ அச்சு 268 கிளிக்குக்கு 5 ஆர்டர். எல்லாவற்றுக்கும் மேலே பித்தளை இடியாப்ப உரல், 88 கிளிக்குக்கு 9 ஆர்டர். தோசைக்கல்லுக்கும் பூ அச்சுக்கும் புதிய தலைப்பு, இடியாப்ப உரலைத் தொடவே கூடாது என்று குறிப்பேட்டில் எழுதினேன். இந்த மூன்று முடிவுகளில் ஒன்றுதான் சரி என்பது இரண்டாவது அறிக்கையைத் திறந்தபோது தெரிந்தது.

தேடுசொற்களைக் கையால் பிரித்தது

தேடுசொல் அறிக்கையில் 412 வரிகள் இருந்தன. அதை அப்படியே வாசித்தால் ஒன்றும் புலப்படாது, ஏனெனில் ஒரே தேவை பத்து எழுத்து வடிவங்களில் சிதறிக் கிடக்கும். `maruku`, `muruku`, `murukku` மூன்றும் ஒரே பலகாரம். முதல் இரண்டும் மலாயில் எழுதும் முறை. ஆகவே தட்டிய சொல்லின் வடிவத்தை விட்டுவிட்டு, தட்டியவர் கையில் எந்தப் பொருளை எதிர்பார்த்தார் என்பதை வைத்து ஒவ்வொரு வரியையும் ஒரு குழுவில் சேர்த்தேன். நெடுநேரம் பிடித்தது. இந்த வேலையைச் சமையல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதி வரிகளுக்கு அக்காவிடம் கேட்டுத்தான் குழு முடிவானது.

பூ அச்சின் வரிகள்தான் முதலில் கண்ணைத் திறந்தன. அந்த லிஸ்டிங்கின் தலைப்பு இப்படி இருந்தது:

```
Murukku Achu Flower Brass Mould Traditional
```

தமிழில் அச்சு முறுக்கு வேறு, முறுக்கு அச்சு வேறு. முன்னது, நீண்ட கம்பியின் முனையில் இருக்கும் பித்தளைப் பூவை மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்கிச் செய்யும் பலகாரம். மலாயில் அதைக் குவே ரோஸ் அல்லது குவே லோயாங் என்பார்கள். பின்னது மாவைப் பிழியும் உரல். வீட்டில் பேசும்போது வரிசை மாறினால் பொருளே மாறிவிடும். ஆனால் சொற்களைத் தனித்தனியாகப் பொருத்திப் பார்க்கும் தேடலுக்கு இரண்டும் அதே இரண்டு சொற்கள்தான்.

268 கிளிக்கில் 214 கிளிக் `murukku maker`, `acuan maruku`, `murukku press` போன்ற சொற்களால் வந்தவை. அவர்கள் தேடியது பிழியும் உரலை. அந்த 214 கிளிக்கில் விற்றது ஒன்றே ஒன்று. `acuan kuih ros`, `acuan kuih loyang`, `achu murukku mould` என்று தட்டி வந்தவை 38 கிளிக்குகள்; அவற்றில் 4 ஆர்டர். மீதி 16 கிளிக்கில் ஒன்றும் இல்லை. ஒரு கிளிக்குக்குச் சராசரியாக 25 சென் என்று வைத்தால், 28 ரிங்கிட் விலையுள்ள ஓர் அச்சை விற்க, உரல் தேடியவர்களுக்காக 53 ரிங்கிட்டுக்கு மேல் செலவிட்டிருந்தோம். வாடிக்கையாளர் உரையாடலைத் திரும்பப் பார்த்தபோது, `ini boleh buat maruku?` என்று, அதாவது இதில் முறுக்கு செய்ய முடியுமா என்று, ஆறு பேர் கேட்டிருந்தார்கள். ஆறு தடவையும் இல்லை என்று பதில் எழுதியவன் நான். அந்தக் கேள்வியே தலைப்பின் மேல் வந்த புகார் என்று அப்போது எனக்குப் படவில்லை.

தோசைக்கல்லின் கதை வேறு. அதன் 306 கிளிக்கும் ஏறக்குறைய முழுவதும் `tosai tawa`, `kuali tosai besi` என்ற சொற்களால் வந்தவை. வந்தவர்கள் இரும்புத் தோசைக்கல்லைத்தான் தேடினார்கள், இரும்புத் தோசைக்கல்லைத்தான் பார்த்தார்கள். சரியான ஆளைச் சரியான பொருளிடம் கொண்டுவந்து சேர்ப்பதோடு தலைப்பின் கடமை முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் வாங்காமல் போகிறார்கள் என்றால், காரணம் பக்கத்துக்குள்ளே எங்கோ இருக்கிறது. வேறொரு கைப்பேசியிலிருந்து வாங்குபவரைப் போல அந்தக் கல்லைக் கூடையில் போட்டுப் பார்த்தோம். பொருளின் விலைக்கு நெருக்கமாக அனுப்பும் கட்டணம் காட்டியது. கல்லின் எடை 2.6 கிலோ. லிஸ்டிங்கில் 6.2 என்று இலக்கம் மாறிப் பதிவாகியிருந்தது.

இடியாப்ப உரலில் கண்டது இதற்கெல்லாம் நேர்மாறானது. அதன் தலைப்பு:

```
Brass Idiyappam Maker Sevai Nazhi Heavy
```

விகிதம் உயர்ந்திருந்தாலும், ஆறு வாரத்தில் அது 1,900 முறைதான் காட்டப்பட்டிருந்தது. பூ அச்சோ 9,400 முறை. உரலின் 88 கிளிக்கில் 27 கிளிக் `acuan putu mayam` என்ற சொல்லால் வந்தவை, அவற்றில் 5 ஆர்டர். இந்த நாட்டில் இடியாப்பத்தைப் புட்டு மாயம் என்று அழைத்து வாங்கிச் சாப்பிடும் மலாய்க்காரரும் சீனரும் ஏராளம். அவர்கள் எவரும் இடியாப்பம் என்று தட்டப்போவதில்லை. அந்தச் சொல் தலைப்பில் இல்லாதபோதே, தளம் தானாகப் பொருத்திக் காட்டிய சில தடவைகளிலேயே, பாதிக்கு மேற்பட்ட ஆர்டர் அதன் வழியாக வந்திருக்கிறது. தலைப்பில் இல்லாத ஒரு சொல் விற்பனையைத் தருகிறது என்றால், அந்தத் தலைப்பு மாற வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நான் இதுவரை பார்த்ததில்லை. மாற்று விகித அறிக்கை மட்டும் கையில் இருந்தால் இது கண்ணுக்கே தட்டுப்படாது. அந்த அறிக்கை வந்தவர்களைத்தான் எண்ணும். வராமல் போனவர்கள் அதில் இல்லை.

எதைத் தொடாமல் விட்டோம், ஏன்

17 லிஸ்டிங்குகளுக்கு ஆறு வாரத்தில் 30 கிளிக்கும் சேரவில்லை. அவற்றில் பலவற்றுக்கு ஆர்டர் பூஜ்யம். அவற்றையும் மாற்றிவிடலாம் என்று அக்கா சொன்னபோது ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டினேன். கடையின் சராசரிப்படி 100க்கு 4 பேர் வாங்கும், எந்தக் குறையும் இல்லாத லிஸ்டிங் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஒன்றுகூட விற்காமல் இருப்பதற்கான வாய்ப்பு:

```
30 கிளிக்:  0.96^30 = 0.29
75 கிளிக்:  0.96^75 = 0.05
```

30 கிளிக்கில் ஒன்றும் விற்காமல் போவது மூன்றில் ஒரு தடவைக்குச் சற்றுக் குறைவாகத் தற்செயலாகவே நடக்கும். 75 கிளிக்கில் அது இருபதில் ஒரு தடவைதான். ஆகவே ஒரு தேடுசொல் குழுவில் 75 கிளிக் சேரும் வரை “விற்கவில்லை” என்ற தீர்ப்பை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். விற்றிருக்கிறது என்ற செய்திக்கு அவ்வளவு பெரிய எண்ணிக்கை தேவைப்படவில்லை. 27 கிளிக்கில் 5 ஆர்டர் என்பது, சராசரிப்படி ஒன்று வரவேண்டிய இடத்தில் ஐந்து வந்தது.

இந்த அளவுகோலுக்கு ஓர் எல்லை உண்டு. எங்கள் இரண்டு அறிக்கைகளும் விளம்பரத்தின் வழியாக வந்த கிளிக்குகளை மட்டுமே எண்ணுகின்றன. விளம்பரம் இல்லாத இயல்புத் தேடலில் வந்தவர்கள் என்ன தட்டினார்கள் என்பது அவற்றில் வராது. விளம்பரத்தில் தெரிந்த போக்கு அங்கேயும் இருக்கும் என்று கருதியே முடிவெடுத்தோம்.

எடுத்த முடிவுகள்

ஆகஸ்டு 18 மாலை மூன்று தலைப்புகளை மட்டும் மாற்றினோம். படம், விலை, விளக்கம் எதையும் அந்த மூன்றிலும் தொடவில்லை. பழைய தலைப்புகளைத் தேதியோடு குறிப்பேட்டில் ஒட்டிவைத்தோம். தோசைக்கல்லுக்கு எடையைத் திருத்தியதோடு சரி, தலைப்பு அப்படியே நின்றது.

பூ அச்சுக்கும் இடியாப்ப உரலுக்கும் புதிய தலைப்புகள் இவை:

```
Acuan Kuih Ros Kuih Loyang Achu Murukku Tembaga Kuning
Acuan Putu Mayam Maruku Idiyappam Murukku Maker Tembaga Kuning
```

மலாயில் பித்தளைக்கு லோயாங் என்ற சொல்லும் உண்டு. உரலின் முதல் வரைவில் நான் அதைத்தான் எழுதியிருந்தேன். பூ அச்சின் மீதி 16 கிளிக்கைத் திரும்பப் பார்த்தபோது, அவற்றில் சில `loyang kek` என்ற சொல்லால் வந்திருந்தன. கேக் சுடும் தட்டுக்கும் லோயாங் என்றுதான் பெயர். ஆகவே உரலுக்குத் தெம்பாகா கூனிங் என்று எழுதினோம். பூ அச்சில் பலகாரத்தின் பெயராகிய குவே லோயாங்கை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது தலைப்பு மரத்தாலான முறுக்கு உரலுடையது. அதற்கு 61 கிளிக்கும் 3 ஆர்டரும்தான் இருந்தன. நாங்களே வகுத்த அளவுகோலின்படி அதைத் தொட்டிருக்கக் கூடாது. பித்தளை உரலில் கண்ட போக்கு இதற்கும் பொருந்தும் என்று எண்ணி, அதன் தலைப்பிலும் `Putu Mayam` என்பதைச் சேர்த்தேன். அது என் முடிவு.

தொடர்ந்து நடந்தது

ஆகஸ்டு 19 முதல் செப்டம்பர் 29 வரை மீண்டும் ஆறு வாரம் எடுத்து, அக்டோபர் 7 அன்று அறிக்கையைப் பதிவிறக்கினோம். தீபாவளி நெருங்கியதும் செப்டம்பர் 9 அன்று வரும் 9.9 தள்ளுபடி விற்பனை நாளும் இந்தக் காலத்துக்குள் வருவதால், முன்னதையும் பின்னதையும் நேராக ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அதற்காகத் தலைப்பு மாறாத 11 சமையல் சாமான்களைத் தனியே சேர்த்துக் கணக்கிட்டோம். அவற்றின் ஆர்டர் 45இலிருந்து 64 ஆகியிருந்தது, அதாவது 1.4 மடங்கு. பருவம் தந்தது அவ்வளவு. அதற்கு மேல் வந்ததைத்தான் தலைப்பின் கணக்கில் எழுதலாம்.

பூ அச்சின் கிளிக் 268இலிருந்து 171 ஆகக் குறைந்தது, ஆர்டர் 5இலிருந்து 14 ஆனது. பருவம் மட்டும் இருந்திருந்தால் 7 வந்திருக்கும். உரல் தேடி வந்த கிளிக் 214இலிருந்து 22 ஆகியிருந்தது. கிளிக் குறைந்ததை முதல் வாரத்தில் பார்த்த அக்கா பழைய தலைப்பையே போட்டுவிடச் சொன்னார். தேடுசொல் வாரியாகப் பிரித்துக் காட்டிய பிறகே பொறுத்திருக்கச் சம்மதித்தார். “இதுல முறுக்கு செய்யலாமா” என்ற கேள்வி அந்த ஆறு வாரத்தில் ஒரு தடவைதான் வந்தது.

பித்தளை உரல் 6,300 முறை காட்டப்பட்டு 246 கிளிக்கும் 21 ஆர்டரும் பெற்றது. விகிதம் 10.2இலிருந்து 8.5 சதவீதமாக இறங்கியதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு பெயர் தெரிந்தவர்கள் மட்டுமே வந்தார்கள். இப்போது பார்த்துவிட்டுப் போகிறவர்களும் வருகிறார்கள். தோசைக்கல் ஏறக்குறைய அதே அளவு கிளிக்கோடு, 290க்கு 13 ஆர்டர் பெற்றது. அதற்குப் புதிய தலைப்பு எழுதியிருந்தால் எடைப் பிழை அப்படியே உள்ளே இருந்திருக்கும்.

மர உரலில் சறுக்கினோம். 118 கிளிக், 8 ஆர்டர் என்று அறிக்கை அழகாகக் காட்டியது. செப்டம்பர் நடுவில் உரல்கள் திரும்பி வரத் தொடங்கின, மொத்தம் நான்கு. அவற்றில் ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்து அக்கா அதன் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்: ஒரு நட்சத்திரம், ஒரு நாடா, ஒரு பெரிய ஒற்றைத் துளை. இடியாப்பம் பிழியும் நுண்துளை வில்லை அந்தப் பெட்டியில் கிடையாது. பித்தளை உரலோடு வரும் ஆறு வில்லைகளில் அது உண்டு. தலைப்பில் நான் சேர்த்த சொல் உண்மையல்ல. ஆர்டர் பதிவானதும் அதை விற்பனையாக எண்ணிவிடும் மாற்று விகித அறிக்கை, திரும்பி வந்ததைக் கழிப்பதில்லை. செப்டம்பர் 17 அன்று பழைய தலைப்புக்கே திரும்பினோம். நான்கு பேருக்கும் அக்கா தன் கையால் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

இனி மாற்றிச் செய்வது

தலைப்பில் ஒரு புதிய சொல் சேரும் முன், பொருளை அலமாரியிலிருந்து இறக்கி, பெட்டியைத் திறந்து, அந்தச் சொல் சொல்வது உள்ளே இருக்கிறதா என்று கடையில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். தலைப்பு மாற்றிய லிஸ்டிங்குகளுக்குத் திரும்பி வந்தவற்றின் பட்டியலையும் ஆர்டர் எண்ணோடு பொருத்தி, கழித்த பிறகே விகிதம் எழுதுகிறோம்.

வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை இப்போது தனித் தாளில் லிஸ்டிங் வாரியாக எழுதிவைக்கிறோம். ஒரே கேள்வி மூன்று தடவை வந்துவிட்டால், ஆறு வாரம் காத்திராமல் அந்த லிஸ்டிங்கின் தேடுசொற்களை அன்றைக்கே திறந்து பார்க்கிறோம். விகிதம் தாழ்ந்து, தேடுசொல்லும் பொருளும் ஒத்துப்போகிற லிஸ்டிங்குகளுக்குத் தலைப்பைப் பற்றிப் பேசும் முன், எடை, அனுப்பும் கட்டணம், கையிருப்பு மூன்றையும் வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்துவிடுகிறோம்.

தொடாமல் விட்ட 17 லிஸ்டிங்குகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு 12 வாரக் கணக்கைச் சேர்த்து எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். குத்துவிளக்குக்கு மட்டும் இப்போதைக்கு 41 கிளிக் சேர்ந்திருக்கிறது, ஆர்டர் இல்லை. வந்த சொற்களில் பாதி `pelita`, பாதி `lampu deepavali`. அவர்கள் தேடுவது அகல்விளக்கையா, வண்ண மின்விளக்கையா, குத்துவிளக்கையா என்பதை 75 கிளிக் சேர்ந்த பிறகு அக்காவோடு உட்கார்ந்து பார்ப்போம்.